க், ச், த், ப் எங்கே வரும்? தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ‘வல்லினம் மிகும் இடங்கள்’ என்று ஒரு பகுதி, ‘வல்லினம் மிகா இடங்கள்’ என்று இன்னொரு பகுதி இருக்கின்றன. இரண்டிலும் விதிகள் வரிசையாக வரும். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி அதைத் தலைகீழாக ஒப்பிக்கிற பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்’ என்று தடுமாறாமல் சொல்லத் தெரிந்த அதே பிள்ளை, கட்டுரையில் ‘வந்துக் கொண்டிருந்தான்’ என்று எழுதும். விதிக்குப் பெயர் தெரியும், வாக்கியத்தில் அந்த விதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாது. அதனால் உனக்குப் பட்டியல் சொல்லப் போவதில்லை, கண்ணு. வாக்கியத்தைப் பார்த்ததும் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள். வல்லினம் ஆறு என்றாலும் ட, ற இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே இரண்டாவது சொல் க, ச, த, ப என்ற நான்கு வரிசைகளில் ஒன்றில் தொடங்கினால் மட்டும்தான் இந்தக் கேள்வியே எழும். முதல் சொல்லின் கடைசியையும் பார். அது உயிரோசையில் முடிய வேண்டும், அல்லது ய், ர், ழ் என்ற மூன்றில் ஒன்றில் முடிய வேண்டும். ‘திண்டுக்கல் பூட்டு’ என்பதில் முதல் சொல் ல் என்று முடிகிறது. அங்கே புது ஒற்று நுழைய இடமில்லை, விட்டுவிடு. ‘மரம்’ போல ம் என்று முடிகிற சொல்லில் அந்த ம் போய்விட்டு வல்லொற்று வரும்: மரம், பெட்டி சேர்ந்தால் மரப்பெட்டி. ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையை ‘ஒட்டன்சத்திரச் சந்தை’ என்று எழுதுவதும் அதே கணக்குத்தான்.

தாளைக் கையில் வாங்கியதும் பென்சிலால் க, ச, த, ப என்று தொடங்கும் சொற்களுக்கு முன்னால் ஒரு சிறு கோடு போடு. அந்தக் கோடுகளில் மட்டும் யோசித்தால் போதும். மற்ற இடங்களைத் திரும்பிப் பார்க்காதே.

இனி அந்தக் கேள்வி. கோட்டுக்கு இடது பக்கம் இருப்பது பெயரா, வினையா? வலது பக்கம் இருப்பது பெயரா, வினையா? பெயரோடு பெயர் சேர்ந்தால் மிகும். வினையோடு வினை சேர்ந்தால் மிகும். ஒன்று பெயர், ஒன்று வினை என்று கலந்து வந்தால் மிகாது. நான் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். இதற்கு விலக்குகள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஆனால் பள்ளிப் பயிற்சியில் வரும் வாக்கியங்களில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்கு அடங்கிவிடும்.

பெயரோடு பெயர் சேர்வதைப் பார்க்க நம் ஊர்க் கடைத்தெருவைவிட நல்ல இடம் இல்லை. பலகையில் இருப்பவை எல்லாம் பெயரும் பெயரும்தான். பூட்டு, கடை: பூட்டுக் கடை. பிரியாணி, கடை: பிரியாணிக் கடை. மருந்துக் கடை, துணிக் கடை, இரும்புக் கடை, பாத்திரக் கடை, பூக்கடை. எழுதுகிறவர் இடம் போதவில்லை என்று ஒற்றை விட்டிருப்பார். நீ பஸ்ஸில் போகும்போது அதை மனசுக்குள் போட்டுப் படி. சிறுமலைப் பழம், சின்னாளபட்டிச் சேலை, பழனிப் பஞ்சாமிர்தம், வேடசந்தூர்ச் சாலை என்று ஊர்ப் பெயர் முதலில் வந்தாலும் விதி ஒன்றுதான். ஆனால் ஓர் ஊரின் பெயருக்குள்ளேயே கை வைக்காதே. சின்னாளபட்டிக்கு நடுவில் ஒற்று வேண்டுமா என்று ஆராய்வது உன் வேலை இல்லை. புத்தகத்தில் எப்படி அச்சிட்டிருக்கிறதோ அப்படியே எழுது.

இப்போது அதே கடைக்குள் போ. ‘மருந்துக் கடையில் மருந்து கேட்டான்.’ இந்த ஒரு வாக்கியத்தை நன்றாகப் பார், பாதிப் பாடம் இதில் இருக்கிறது. மருந்து என்ற சொல் இரண்டு முறை வருகிறது. முதல் முறை அதற்குப் பின்னால் ‘கடை’ என்ற பெயர், ஆகவே க் வந்தது. இரண்டாம் முறை ‘கேட்டான்’ என்ற வினை, ஆகவே வரவில்லை. புத்தகத்தின் சொல்லில் சொன்னால், ‘மருந்து கேட்டான்’ என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை. ‘ஐ’ என்ற உருபு மறைந்திருக்கிறது, மிகாது. ‘மருந்துக் கடை’ என்பது ‘மருந்தை விற்கும் கடை’. அதில் ‘ஐ’ என்ற உருபும் ‘விற்கும்’ என்ற பயனும் சேர்ந்து மறைந்திருக்கின்றன. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று அதற்குப் பெயர், அங்கே மிகும். பிரியாணி சாப்பிட்டான், பிரியாணிக் கடை. தமிழ் படித்தாள், தமிழ்ப் பாடம். தண்ணீர் குடித்தான், தண்ணீர்க் குடம். இப்படி ஒரே சொல்லை இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்தால் தொகையின் நீளமான பெயர் தானாக விளங்கும்.

எழுவாயும் இதே கூட்டத்தில்தான் சேர்கிறது. ‘தம்பி படித்தான்’, ‘மழை பெய்தது’ இரண்டிலும் பெயருக்குப் பின் வினை, மிகாது.

பெயரோடு பெயர் சேர்ந்தும் மிகாத இடங்கள் மூன்றை நினைவில் வைத்துக்கொள். முதலாவது, நடுவில் ‘உம்’ மறைந்திருந்தால் மிகாது: இரவு பகல், தாய் தந்தை, வெற்றிலை பாக்கு. இரவும் பகலும் என்று விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, முதல் பெயர் ஆளைக் குறித்தால் மிகாது: அக்கா கடை, தலைவி கூற்று. கிளிக்கூடு என்பதில் மிகுந்தது, ஏனென்றால் கிளி அஃறிணை. மூன்றாவது, இரண்டாவது பெயர் வினையின் வேலையைச் செய்துகொண்டிருந்தால் மிகாது. ‘இது கடை’, ‘விலை குறைவு’ என்று வாக்கியம் அங்கேயே முடிந்து நிற்கும். அப்போது இடது பக்கத்துப் பெயர் எழுவாய், அவ்வளவுதான்.

இனி வினையோடு வினை. இங்கேதான் மார்க் அதிகமாகப் போகிறது. அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

முதலில் வருகிற வினை முழுதாக முடியாமல் எச்சமாக இருக்கும். அது இகரத்தில் முடிந்தால் மிகும்: ஓடிப் போனான், தேடிப் பார்த்தாள். யகர ஒற்றில் முடிந்தால் மிகும்: போய்ப் பார். அகரத்தில் முடிந்தால் மிகும்: வரச் சொன்னார், திறக்கத் தெரியும். இந்த மூன்றிலும் சந்தேகமே வேண்டாம். உகரத்தில் முடிந்தால் மட்டும் நிதானம் வேண்டும். கடைசி எழுத்து து, டு, று என்று இருக்கும். அதற்கு முன்னால் என்ன எழுத்து என்று பார். அங்கே த், ட், ற் என்ற வல்லொற்று இருந்தால் மிகும்: பார்த்துச் சொன்னான், கேட்டுக் கொண்டான், விற்றுத் தந்தார். இவை வன்தொடர்க் குற்றியலுகரம். அங்கே ந், ண், ன் என்ற மெல்லொற்றோ, ய் போன்ற இடையின ஒற்றோ, ஒற்றே இல்லாமல் உயிர்மெய்யோ இருந்தால் மிகாது: வந்து போனான், உண்டு களித்தான், தின்று தீர்த்தான், செய்து கொடுத்தான், அழுது தீர்த்தாள்.

‘வந்துக் கொண்டிருந்தான்’, ‘செய்துக் கொடுத்தான்’ என்று எழுதுகிறார்களே, அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும். ‘பார்த்துக் கொண்டிருந்தான்’ என்பது சரி. அந்தப் பழக்கத்தில் கை அதே ஒற்றை ‘வந்து’ என்பதற்கும் போட்டுவிடுகிறது. போஸ்டரில், அழைப்பிதழில், வாட்ஸ்அப்பில் எல்லாம் ‘வந்துக் கொண்டு’ என்று படித்துப் படித்துக் கண்ணுக்கும் அது பழகிப்போகிறது. ‘கொண்டு’ என்று வந்தால் எப்போதும் ஒரு நொடி நின்று, அதற்கு முந்தின சொல்லின் கடைசியிலிருந்து இரண்டாவது எழுத்தைப் பார். பார்த்து என்றால் த், ஒற்று வரும். வந்து என்றால் ந், வராது. சிரித்துக்கொண்டு, நடந்துகொண்டு. கேட்டுக்கொண்டு, கண்டுகொண்டு. இந்த ஜோடிகளை வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பார், காதும் துணைக்கு வரும்.

காதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘எங்கே அழுத்தம் கேட்கிறதோ அங்கே ஒற்று’ என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில், இடைவெளி விடாமல் சொன்னால்தான் அழுத்தம் கேட்கும். ‘அவனப் பாத்தேன்’ என்று நாம் வீட்டில் பேசும்போது ப் தெளிவாகக் கேட்கிறது, ‘வந்து போனான்’ என்னும்போது கேட்பதில்லை. பரீட்சை ஹாலில் சொல் சொல்லாக நிறுத்திப் படித்தால் எல்லாச் சொல்லின் முதலெழுத்தும் வன்மையாகத்தான் ஒலிக்கும், காது ஏமாற்றிவிடும். ஆகவே முதலில் கேள்வியைக் கேள், பிறகு சரிபார்க்க மட்டும் காதை வைத்துக்கொள்.

வினைக்குப் பின் பெயர் வந்தால் மிகாது என்றேன். இது பெயரெச்சம். படித்த பெண், திறந்த கடை, எழுதாத பாடல். நல்ல பையன், பெரிய கடை, சிறிய சாவி என்பவற்றையும் இதே கூட்டத்தில் சேர்த்துவிடு. அவையும் பெயரெச்சம்தான், குறிப்புப் பெயரெச்சம். ‘படித்தப் பெண்’, ‘நல்லப் பையன்’ என்று எழுதுவது, ஒற்று விடுபட்டால் மார்க் போகும் என்று பயந்து எல்லா இடத்திலும் போட்டு வைக்கிற பிள்ளைகளின் தவறு. திருத்துகிற ஆசிரியர் கண்ணுக்கு, இல்லாத ஒற்றைவிட வேண்டாத ஒற்று இன்னும் பளிச்சென்று தெரியும். சில இடங்களில் பொருளே மாறிவிடும். ‘தந்த பலகை’ என்றால் ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தில் செய்த பலகை.

பெயரெச்சமும் அகரத்தில் முடியும், சற்று முன் சொன்ன வினையெச்சமும் அகரத்தில் முடியும். ‘திறந்த கடை’, ‘திறக்கச் சொன்னார்’. முடிவை மட்டும் பார்த்தால் குழம்பும். வலது பக்கம் இருப்பது பெயரா வினையா என்று பார்த்தால் குழம்பாது. வினைத்தொகையும் வினைக்குப் பின் பெயர்தான்: சுடுசோறு, குடிதண்ணீர், ஊறுகாய். ஒன்றிலும் ஒற்று இல்லை. பெயரெச்சத்தில் மிகுகிற ஒரே வகை, கடைசி எழுத்து உதிர்ந்த எதிர்மறைப் பெயரெச்சம். ‘ஓடாத குதிரை’ என்பதில் ‘த’ போய்விட்டால் ‘ஓடாக் குதிரை’. பட்டியலில் அந்த நீளமான பெயருக்கு இவ்வளவுதான் அர்த்தம்.

இந்தப் பெயர் வினைக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே தீர்ந்துவிடுகிற இடங்கள் இரண்டு உண்டு. முதல் சொல்லில் ‘ஐ’ என்ற வேற்றுமை உருபு வெளிப்படையாக இருந்தாலோ, ‘கு’ என்ற உருபு வெளிப்படையாக இருந்தாலோ, வலது பக்கம் என்ன வந்தாலும் மிகும். பூட்டைத் திற, சாவியைக் கொடு, கடைக்குப் போ, பள்ளிக்குச் சென்றாள். விரிந்து நின்றால் மிகும், மறைந்து நின்றால் வினைக்கு முன் மிகாது. ‘சாவியைக் கொடு’, ‘சாவி கொடு’. ஆனால் ‘ஓடு’ என்ற உருபுக்கும் ‘அது’ என்ற உருபுக்கும் மிகாது: அண்ணனோடு போ, எனது சட்டை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐகாரத்தில் முடிகிற சொல் எல்லாம் ‘ஐ’ உருபு ஏற்ற சொல் அல்ல. மலை, கடை, விலை, வேலை, கதை எல்லாம் தாமாகவே அப்படி முடிகின்றன. ‘விலை கேட்டான்’ என்று எழுத வேண்டிய இடத்தில், கடைசியில் ஐ தெரிகிறதே என்று ‘விலைக் கேட்டான்’ என்று எழுதிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் இன்னொரு ‘ஐ’ சேர்த்துப் பார். ‘விலையைக் கேட்டான்’ என்று சேர்க்க முடிகிறதா? முடிகிறது என்றால் முன்பு அங்கே உருபு இல்லை, ஒற்றும் இல்லை. ‘பூட்டை’ என்பதோடு இன்னொரு ‘ஐ’ சேராது. அது ஏற்கெனவே உருபு ஏற்ற சொல்.

இதில் ஒற்று தவறினால் வாக்கியம் வேறு எங்கோ போய்விடும். ‘வேலை செய்தான்’ என்றால் உழைத்தான். ‘வேலைச் செய்தான்’ என்றால் வேல் என்ற ஆயுதத்தைச் செய்தான், வேல் என்ற சொல்லோடு ஐ சேர்ந்த ‘வேலை’ அது. நம் காட்டில் நிலக்கடலை விளைகிறதே, ‘கடலை பார்த்தான்’ என்றால் அந்தக் கடலையைப் பார்த்தான். ‘கடலைப் பார்த்தான்’ என்றால் சமுத்திரத்தைப் பார்த்தான். திண்டுக்கல்லில் நின்றுகொண்டு அதைப் பார்க்க முடியாது. ஒரு ப் தான் வித்தியாசம்.

மிச்சம் இருப்பவை சின்னச் சின்னச் சொற்கள். அவற்றுக்குக் கேள்வி உதவாது, பழக்கம்தான் உதவும். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி, இனி, மிக, என, ஆக ஆகியவற்றுக்குப் பின் மிகும். அது, இது, எது, ஒரு, பல, சில, எத்தனை, அவ்வளவு ஆகியவற்றுக்குப் பின் மிகாது. ‘அந்தப் பூட்டு’, ஆனால் ‘அது பூட்டு’. எண்களில் எட்டும் பத்தும் மட்டும் வன்தொடர், மிகும்: எட்டுப் பூட்டுகள், பத்துச் சாவிகள். ‘ஐந்து சாவிகள்’, ‘ஆறு பூட்டுகள்’ என்பவற்றில் மிகாது. இத்தனையையும் தனித்தனியாக எழுதிப் படிப்பதைவிட ‘மிகப் பெரிய பூட்டு, மிகச் சிறிய சாவி’ என்று ஒரு வரியாக வைத்துக்கொள். மிக என்பதற்குப் பின் வந்தது, பெரிய, சிறிய என்பவற்றுக்குப் பின் வரவில்லை.

இனி ஒரு முழுப் பயிற்சி செய்து பார்ப்போம். ‘சந்திப்பிழை நீக்கி எழுதுக’ என்று கேட்கிற மாதிரியில் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். ஒற்றை எல்லாம் எடுத்துவிட்டேன்.

‘திண்டுக்கல் மலை கோட்டையை பார்க்க சென்ற மாணவர்கள் இறங்கி வந்து கடை தெருவுக்கு போனார்கள். அங்கே ஒரு பூட்டு கடையில் பெரியவர் ஒருவர் சாவி செய்து கொண்டிருந்தார். அவர் தேய்த்த சாவியை கையில் எடுத்து பார்த்த பையன், இந்த பூட்டை திறக்க தெரியுமா என கேட்டான்.’

மலை, கோட்டை இரண்டும் பெயர்: மலைக்கோட்டை. கோட்டையை என்பதில் உருபு வெளியே தெரிகிறது: கோட்டையைப் பார்க்க. பார்க்க, சென்ற இரண்டும் வினை, முதல் வினை அகரத்தில் முடிகிறது: பார்க்கச் சென்ற. ‘சென்ற மாணவர்கள்’ என்பதிலும் ‘இறங்கி வந்து’ என்பதிலும் அடுத்த எழுத்து ம, வ. கோடே போடாதே. ‘வந்து கடை’ என்பதில் வினைக்குப் பின் பெயர், அதோடு து என்பதற்கு முன் ந், ஒற்று வராது. கடை, தெரு இரண்டும் பெயர்: கடைத்தெரு. தெருவுக்கு என்பதில் கு: தெருவுக்குப் போனார்கள்.

இரண்டாவது வாக்கியம். ‘ஒரு பூட்டு’, ஒரு என்பதற்குப் பின் வராது. பூட்டு, கடை: பூட்டுக் கடை. ‘ஒருவர் சாவி’ என்பதில் ர் என்று முடிவதைப் பார்த்து ஏமாறாதே. ஒருவர் என்பது எழுவாய், அதன் வினை தள்ளிப் போய் ‘செய்து கொண்டிருந்தார்’ என்று நிற்கிறது. சாவியோடு ஒட்டிய சொல் அல்ல. ‘சாவி செய்து’, பெயருக்குப் பின் வினை, மிகாது. ‘செய்து கொண்டிருந்தார்’, வினையோடு வினைதான், ஆனால் து என்பதற்கு முன் ய், மிகாது. பத்தியில் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிற இடம் இதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது வாக்கியம். ‘அவர் தேய்த்த’, எழுவாயும் வினையும், மிகாது. ‘தேய்த்த சாவி’, பெயரெச்சம், மிகாது. சாவியைக் கையில். எடுத்து, பார்த்த இரண்டும் வினை, து என்பதற்கு முன் த்: எடுத்துப் பார்த்த. ‘பார்த்த பையன்’, பெயரெச்சம், மிகாது. இந்தப் பூட்டைத் திறக்கத் தெரியுமா எனக் கேட்டான். கடைசியில் ஆறு சொற்களுக்குள் நான்கு ஒற்றுகள் அடுத்தடுத்து வந்துவிட்டன. இவ்வளவு நெருக்கமாக வருகிறதே என்று பயந்து ஒன்றை விட்டுவிடாதே.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஓர் இடத்தில் சந்தேகம் தீராமல் நின்றால் மட்டும், மிகும் என்ற பக்கம் சாய். பவணந்தி முனிவர் நன்னூலில் அப்படித்தான் செய்திருக்கிறார். உயிரில் முடிகிற சொல்லுக்குப் பின் க, ச, த, ப மிகும் என்பதைப் பொதுவிதியாக முதலில் வைத்துவிட்டு, மிகாத இடங்களைப் பிறகு தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பொதுவிதி ‘மிகும்’, விலக்கு ‘மிகாது’. ஆகவே படிக்க நேரம் குறைவாக இருந்தால், மிகா இடங்களை முதலில் படித்துவிடு.

இரண்டு இடங்களில் புத்தகத்துக்கும் வெளியே நீ படிப்பதற்கும் வித்தியாசம் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வன்தொடர்ப் பெயர் எழுவாயாக வரும் இடம். பழைய இலக்கண நூல்களின்படி வன்தொடருக்குப் பின் எழுவாய்த் தொடரிலும் மிகும். ‘கொக்குப் பறந்தது’ என்று எழுதுவார்கள். இன்றைக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘கொக்கு பறந்தது’ என்கிறார்கள், எழுவாய்க்குப் பின் மிகாது என்ற பாடநூல் விதியோடும் அது ஒத்துப்போகிறது. இரண்டும் தவறில்லை. பள்ளித் தாளில் பாடநூலின் பக்கம் நில்.

இன்னொன்று, பிறமொழிச் சொற்கள். பஸ், பிரியாணி என்பவற்றை நாம் மெல்லிய ஓசையில் சொல்கிறோம். ‘இந்தப் பஸ்’ என்று ஒற்று போட்டால் அந்த ஓசை வன்மையாகிவிடுகிறது. அதனால்தான் பத்திரிகைகளில் பலர் ‘இந்த பஸ்’ என்று விட்டுவிடுகிறார்கள். எழுத்தில் இருப்பது ப தான், ஆகவே விதிப்படி ‘இந்தப் பஸ்’ என்பதே சரி. கட்டுரை எழுதும்போது இந்தச் சங்கடமே வேண்டாம் என்றால் ‘இந்தப் பேருந்து’ என்று எழுதிவிட்டுப் போ.

கடைசியாக உனக்கு ஒரு வாக்கியம். விடையைப் பார்க்காமல் முதலில் கோடு போட்டுப் பார்:

‘நிலக்கோட்டை பூ சந்தையில் பூ கட்டி கொண்டிருந்த பாட்டியிடம் விலை கேட்டு பார்.’

விடை: நிலக்கோட்டைப் பூச்சந்தையில் பூ கட்டிக் கொண்டிருந்த பாட்டியிடம் விலை கேட்டுப் பார். பூ இரண்டு முறை வந்திருக்கிறது. சந்தைக்கு முன்னால் ச் வந்தது ஏன், ‘கட்டி’ என்பதற்கு முன்னால் க் வராதது ஏன் என்று நோட்டில் ஓரமாக எழுதி வை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்.